மூன்று பிரேம் தாமதம்

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம். கேரளத்து நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், ஏழு பேர். நான் பாறசாலைப் பக்கத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பிறகு ப்ரோகிராமிங் கற்றுக்கொண்டவள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாத வருஷம் அது. ரயிலில் இடம் கிடைத்தாலும் எழுந்து கதவருகே போய் நிற்பேன். மேசைக்கு அடியில் இடது கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைக்காரர் சில சமயம் கையை நீட்டி மேசையை அழுத்திப் பிடிப்பார்.

அந்தப் பக்கத்து மேசைக்காரரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெள்ளறடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அதற்கு முன் பஸ்களுக்குப் பெயர் எழுதுவதும் சர்ச் பெருநாள் வளைவுகளுக்குப் படம் வரைவதுமாக இருந்தவர். யாரோ சொல்லிக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். எங்கள் ஆபீஸில் அசையும் படங்கள் எல்லாம் அவர் கையால் வந்தவை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை மக்கா என்பார். மத்தியானம் அவர் கொண்டுவரும் மரச்சீனிக்கிழங்கில் எனக்கு ஒரு பங்கு உண்டு.

அப்போது எங்களுக்கு ஒரு வெளிநாட்டு வேலை வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக இரண்டு கையாலும் பிடிக்கிற ஒரு கேம்பேடை ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதற்குள் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. மோட்டாரின் முனையில் ஒரு பக்கம் மட்டும் கனமான ஒரு துண்டு. மோட்டார் சுற்றினால் அந்தக் கனம் எல்லாப் பக்கமும் இழுத்து கேம்பேட் கையில் அதிரும். அதோடு கொடுக்கப்போகிற சிடியின் முதல் திரையை நாங்கள் செய்ய வேண்டும். திரையில் ஒரு காகிதத்தில் விளையாட்டுகளின் பட்டியல். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், மேலிருந்து ஒரு பெரிய இரும்பு முத்திரை விழுந்து காகிதத்தில் குத்தும். குத்துகிற அந்த நொடியில் கை அதிர வேண்டும்.

முத்திரை விழுவது மொத்தம் பன்னிரண்டு பிரேம், அதாவது பன்னிரண்டு தனித்தனிப் படம். வினாடிக்கு முப்பது பிரேம் ஓடும். ஒன்பதாவது பிரேமில் இரும்பு காகிதத்தைத் தொடும். அண்ணன் அதை அழகாக வரைந்திருந்தார். எட்டாவதில் முத்திரை விழும் வேகத்தில் கொஞ்சம் நீண்டிருக்கும். ஒன்பதாவதில் பொத்தென்று நசுங்கி அகலும். பத்தாவதில் தூசி கிளம்பும். நான் எழுதிய ப்ரோகிராம், ஒன்பதாவது பிரேம் திரைக்குப் போகிற அதே சமயத்தில் மோட்டாருக்கு உத்தரவை அனுப்பியது.

இரண்டு வாரத்தில் கிளையண்டிடமிருந்து பதில் வந்தது. முத்திரை விழுந்து முடிந்த பிறகு யாரோ பக்கத்து அறையில் கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் முதலாளி அதை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் மலையாளம் பேசுபவர். எங்களிடம் பாதி தமிழும் கலந்து பேசுவார்.

"எந்தா இது? ஞான் எந்து பறயும் அவரோடு? யாருடைய தப்பு?"

நான் உடனே பதில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. என் ப்ரோகிராமில் ஒரு வசதி வைத்திருந்தேன். ஒரு விசையை அழுத்தினால் ஒரு பிரேம் நகரும், அப்படியே நிற்கும். ஏழு, எட்டு, ஒன்பது என்று தட்டிக் காட்டினேன். ஒன்பதில் முத்திரை காகிதத்தைத் தொட்டு நின்றது. முதலாளியின் கையில் கேம்பேட் அதிர்ந்தது.

"பாருங்க சார், ஒண்ணாத்தான் வருது. நேரத்தையும் எழுதி வச்சிருக்கேன், ரெண்டும் ஒரே நேரம். ஒன்பதாவது படம் பாக்க மோதுற மாதிரி இல்ல. எட்டுலயே மோதினாப்பல கண்ணுக்குத் தெரியுது. படம் சரியில்ல சார்."

அண்ணன் தன் மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். முதலாளி அவரிடம் திரும்பி, மாற்றி வரையச் சொன்னார்.

அவர் மாற்றி வரைந்தார். எட்டாவது பிரேமில் முத்திரையைக் காகிதத்திலிருந்து இன்னும் விலக்கினார். சரியாகவில்லை. நசுங்குவதைக் கூட்டினார். தூசியை ஒரு பிரேம் தள்ளினார். முத்திரையின் நிழலை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டிப் பார்த்து, "இன்னும் சரியாவல்ல அண்ணே" என்று சொன்னேன். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. மத்தியானம் அவர் கிழங்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய் வராந்தாவில் நடந்தேன். எனக்குள் என்னவோ அரித்துக்கொண்டிருந்தது, ஆனால் அது என்னவென்று நின்று பார்க்க நான் தயாராக இல்லை.

பத்தாம் நாள் முதலாளி திருவனந்தபுரத்திலிருந்து வேறு ஒரு வரைகிறவரை அழைத்துவரப் போவதாக எல்லாருக்கும் கேட்கும்படி போனில் பேசினார். போனை வைத்ததும் அண்ணன் என்னிடம் வந்தார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"மக்கா, ஒரு காரியம் செய்வியா? எனக்க படத்த எல்லாம் எடுத்துக் களை. பன்னெண்டு பிரேமும் வெறும் கறுப்பு. ஒன்பதாவது மட்டும் வெள்ளை. அப்பிடி ஓட்டிப் பாப்போம்."

"அதுல என்ன தெரியும் அண்ணே?"

"படந்தான் கொழப்பம்னா, படமே இல்லாதப்பம் கொழப்பம் இருக்கப்பிடாதுல்லா? அவ்வளவுதான் ஆக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை எளிய சோதனையை நான் யோசிக்கவில்லையே என்ற கோபம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் என் வேலையில் கை வைக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தேன். அவர் கேம்பேடைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் திரை. ஒரு வெள்ளை மின்னல். அப்புறம் அதிர்வு.

"பிந்தி வருது," என்றார்.

நானும் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். பிந்தித்தான் வந்தது. "கண்ணுக்கு அப்பிடித் தோணுது. அளந்து பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

"அப்பம் அள," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் நான் அளக்கக் கிளம்பினேன். என் அண்ணன், கூடப்பிறந்தவன், பாறசாலையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். கோயில், சர்ச் திருவிழாக்களுக்கு மைக் செட்டும் கட்டுவான். அவனிடம் போய், வெளிச்சம் பட்டால் மின்சாரம் விடுகிற போட்டோ டிரான்சிஸ்டர் ஒன்று, பழைய டேப் ரிக்கார்டரின் மைக் ஒன்று, மைக்கின் சத்தத்தைக் கூட்டுகிற சின்ன போர்டு ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"ஏட்டி, இதெல்லாம் என்னத்துக்கு? ஆபீஸ்ல டிவி நன்னாக்கப் போறியா?"

"ஒருத்தர்கிட்ட ஒரு காரியத்தக் காட்டணும்."

"காட்டிட்டு மைக்கத் திருப்பித் தா. ஞாயிறு பொழியூர்ல குருசடித் திருவிழா. எல்லாம் வேணும் கேட்டியா."

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீஸில் யாரும் இல்லை. திரையில், முத்திரை குத்துகிற உயரத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டம் ஒன்பதாவது பிரேமில் மட்டும் வரும்படி செய்தேன். பிக்சர் ட்யூப் படத்தை மேலிருந்து கீழாகத்தான் வரைந்து வரும். மூலையில் கட்டம் வைத்தால் அதற்கான நேரம் கணக்கில் பிசகும். கட்டத்தின் மேல் போட்டோ டிரான்சிஸ்டரை ஒட்டினேன். கேம்பேடின் முதுகில் மைக்கை டேப் போட்டு இறுக்கினேன். ஒன்றின் ஒயரை சவுண்ட் கார்டின் இடது பக்கத்துக்கும் மற்றதை வலது பக்கத்துக்கும் கொடுத்தேன். பதிவை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு கோடுகள் திரையில் வந்தன. மேல் கோட்டில் வெளிச்சம் ஊசிபோல் நட்டுக்கொண்டு நின்றது. கீழ்க் கோடு அந்த இடத்தில் சும்மாக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி மெதுவாக வீங்க ஆரம்பித்து, மேலும் தள்ளித்தான் முழு அதிர்வாக நின்றது. வினாடிக்கு நாற்பத்து நான்காயிரத்து நூறு புள்ளிகளாகப் பதிவு. வெளிச்சத்திலிருந்து முழு அதிர்வு வரை எண்ணினேன். நாலாயிரத்து இருநூறு புள்ளிகள். தொண்ணூற்றைந்து மில்லிசெகண்ட். மூன்று பிரேமுக்குக் கொஞ்சம் குறைவு.

பத்துத் தடவை எடுத்தேன். பத்திலும் அதேதான்.

மோட்டார் சும்மா நிற்கிற ஒரு பொருள். உத்தரவு வந்த உடனே அது முழு வேகத்தில் சுற்றிவிடாது. கனமான துண்டை இழுத்து, வேகம் பிடித்து, பிறகுதான் கைக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படித்த பாடம். என் ப்ரோகிராம் சரியான நேரத்தில் உத்தரவு அனுப்பியது உண்மை. உத்தரவு வேறு, அதிர்வு வேறு. பிரேம் பிரேமாக நிறுத்தி நான் முதலாளிக்குக் காட்டியபோது, ஒன்பதாவது படம் திரையில் நின்றுகொண்டே இருந்தது. மோட்டார் சாவகாசமாக வந்து சேர்ந்ததை அவர் கை கண்டுபிடிக்கவில்லை. நான் காட்டிய சாட்சியே பொய்.

நான் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். அண்ணனின் மேசையில் ஒன்பது நாள் வரைந்த தாள்கள் அடுக்கியிருந்தன. முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பார்ப்பது அவர் வழக்கம். முத்திரை, முத்திரை, முத்திரை. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதும் நான் செய்தது நல்ல காரியம் இல்லை. ப்ரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஒன்பதாவது பிரேமில் போக வேண்டிய உத்தரவை ஆறாவது பிரேமிலேயே போகவைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். முத்திரை விழுந்தது. கையில் குத்தியது. உள்ளங்கையில் இரும்பு விழுந்ததுபோல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மைக்கையும் ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, திங்கட்கிழமை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது என்றும் யோசித்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி நேராக என் கம்ப்யூட்டருக்கு வந்து கேம்பேடை எடுத்து அழுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி அழுத்தினார்.

"கொள்ளாம்! இப்பம் சரியாயி. பாத்தியா, படத்த ஒழுங்கா வரச்சப்பம் சரியாயி!" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் தன் கம்ப்யூட்டரில் படக் கோப்பைத் திறந்தார். அதன் தேதியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஆடியது. அன்று அவர் மேசையை அழுத்திப் பிடிக்கவில்லை.

மத்தியானம் வரை அப்படியே போயிற்று. சாப்பாட்டுக்கு நான் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, சாப்பிடாமல் மேலே வந்தேன். அப்போது முதலாளி ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். கிளையண்டுக்கு அனுப்புமுன் பழைய மெஷினிலும் பார்ப்பது வழக்கம். கேம்பேட் அதிர்ந்தது, அதற்குப் பிறகுதான் முத்திரை வந்து விழுந்தது. இப்போது முந்திக்கொண்டது.

"பின்னேயும் படம் தப்பு!" முதலாளி கேம்பேடை மேசையில் வைத்தார். "மதி, போதும். நாளைக்கு அந்தத் திருவனந்தபுரத்து ஆள் வரட்டும்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பையை எடுத்தார்.

"படம் இல்ல சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "படத்துல ஒண்ணும் இல்ல. நானாக்கும். ஆரம்பத்துலேருந்தே நான்தான்."

இரண்டு கோடுகளின் பதிவைத் திறந்து காட்டினேன். எந்தக் கோடு எது என்று சொன்னேன். சனிக்கிழமையே தெரியும் என்பதையும், யாருக்கும் தெரியாமல் எண்ணை மாற்றினேன் என்பதையும் சொன்னேன். பழைய மெஷினில் ஒவ்வொரு பிரேமும் வரையக் கூடுதல் நேரம் எடுக்கிறது, அதனால் ஆறாவது பிரேமுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் இடைவெளி நீண்டு, மோட்டார் முந்திவிட்டது என்றும் சொன்னேன்.

முதலாளி கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனிக்கு இதொண்ணும் அறியண்டா. வியாழக்கிழமை அனுப்பணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் வேலை போகும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு யார் தப்பு என்பதே அதற்குள் முக்கியமில்லாமல் போயிருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அண்ணன் பையைத் தோளில் போட்டபடியே நின்றிருந்தார்.

"ஒன்பது நாளு, மக்கா," என்றார். "வீட்டுல போய், எனக்கு வரையக் கை போயிருச்சுன்னு சொன்னேன். வீட்டுக்காரி அழுதா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

அடுத்த நாள் வருவாரோ மாட்டாரோ என்று விடிந்தது முதல் தவித்தேன். வந்தார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சொல்லு, என்ன செய்யணும்?" என்றார். வேலையைத் தவிர வேறொரு வார்த்தை இல்லை.

பிரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பிடித்தோம். பொத்தான் அழுத்திய நொடியிலிருந்து இத்தனை மில்லிசெகண்டில் முத்திரை காகிதத்தைத் தொடும் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். அந்த நேரத்திலிருந்து தொண்ணூற்றைந்து மில்லிசெகண்ட் முன்னால் மோட்டாருக்கு உத்தரவு போகும். மெஷின் மெதுவாக இருந்தால் நடுவில் உள்ள பிரேம்களை விட்டுவிட்டுத் தாவலாம். ஆனால் ஒன்பதாவதை ஒருபோதும் விடக்கூடாது. எந்தப் பிரேம்கள் போனாலும் விழுவது விழுவதாகத் தெரியும்படி எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்தான் குறித்துக் கொடுத்தார். மோட்டார் நிற்பதற்கும் நேரம் எடுக்கும் என்பதால், அதிர்வு இழுபடாமல் குத்தாக இருக்க, நிறுத்துகிற உத்தரவையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

புதன்கிழமை அவரே இன்னொரு குறையைக் கண்டுபிடித்தார். முத்திரை விழுந்துகொண்டிருக்கும்போது பின்வாங்கும் பொத்தானை அழுத்தினார். முத்திரை மேலே போய்விட்டது. ஆனால் உத்தரவு ஏற்கனவே போய்விட்டதால், ஒன்றும் மோதாமலே கை அதிர்ந்தது.

"இது பேய் அடிச்ச மாதிரில்லா இருக்கு," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "முத்திரைய முதல்ல மேல கொஞ்சம் தூக்கி நிறுத்துவோம். கை ஓங்குற மாதிரி. அதுவரைக்கும் வேணும்னா நிறுத்திக்கிடலாம். விழத் தொடங்கினா, பொறகு நிறுத்த முடியாதுன்னு வை. உனக்க உத்தரவும் அதுக்குப் பொறகே போகட்டும்."

தொடக்கத்தில் நான்கு பிரேம் சேர்த்தார். முத்திரை ஒரு கணம் மேலே ஏறித் தயங்கி, பிறகு விழுந்தது. அந்தத் தயக்கத்தில் பார்ப்பவரின் கை தானாகவே எதிர்பார்த்து இறுகியது. குத்து முன்பைவிடக் கனமாகத் தெரிந்தது. விழுகிற பகுதிக்கு, ஒன்பது நாளில் வரைந்த எதையும் அவர் எடுக்கவில்லை. முதன்முதலில் வரைந்து கொடுத்த படத்தையே திரும்ப வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றி ஓட்டினோம். இரண்டிலும் இரும்பும் கையும் ஒன்றாக விழுந்தன.

வியாழக்கிழமை அனுப்பினோம். அடுத்த வாரம் பதில் வந்தது. ஒரே வரி, ஏற்றுக்கொண்டோம் என்று. முதலாளி கீழே பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கித் தந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் தன் பங்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம், லோட்ஷெடிங்கில் கரண்ட் போய் எல்லாரும் வராந்தாவில் நின்றபோது, அவர் என்னிடம் வந்தார்.

"ஒரு காரியம் வேணும். நடந்தத எழுதித் தா. படத்துல தப்பு இல்ல, உனக்க கணக்குலதான் தப்புன்னு. கையெழுத்துப் போட்டு."

"எதுக்கு அண்ணே? சார்கிட்டச் சொல்லியாச்சே."

"சாருக்கு இல்ல. எனக்க வீட்டுல காட்டணும்."

ஒரு தாளில் எழுதினேன். இருட்டுகிற வெளிச்சத்தில், வராந்தாச் சுவரில் தாளை வைத்து எழுதியதால் எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. மோட்டார் என்றோ மில்லிசெகண்ட் என்றோ எழுதினால் அவர் மனைவியான அந்த அக்காவுக்குப் புரியாது. அதனால், உங்கள் வீட்டுக்காரர் வரைந்தது முதல் நாளிலிருந்தே சரிதான், நான் தெரியாமல் தப்புச் சொன்னேன், பிறகு தெரிந்தும் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன் என்று மட்டும் எழுதினேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இது போதும். வாறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். மக்கா என்றுதான் கூப்பிட்டார். கிழங்கில் பங்கு கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு வந்தது. ஆனால் நான் ஏதாவது உறுதியாகச் சொன்னால், சரி என்று உடனே தலையாட்டமாட்டார். "ஓட்டிப் பாப்போம்" என்பார். பிறகு சென்னையில் ஒரு வேலை கிடைத்துப் போனார். போகிற நாளில் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கைக்குழந்தையோடு நின்ற அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதானா அது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.